ரெக்ரூட்டருக்கு முதல் மடல்: பள்ளியிலிருந்து கார்ப்பரேட் பாட வடிவமைப்புக்கு வரும் ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் மீடியம் பள்ளியில் ஒன்பது வருஷம் கணக்கு நடத்தினேன். இப்போது கோவையில் ஒரு நிறுவனத்தில் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனராக இருக்கிறேன். வேலந்தாவளம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். இந்த மாற்றத்தைப் பற்றி சித்தூர் தாலுகா டீச்சர்களும் மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தோட்டப் பள்ளி டீச்சர்களும் என்னிடம் கேட்டபடியே இருக்கிறார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதிலும் ரெக்ரூட்டருக்கு எழுதும் முதல் மடலில்தான் பெரும்பாலோர் தடுக்கி நிற்கிறார்கள். அதனால் அந்த மடலைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர்னா என்ன வேலை டீச்சர்? அங்கயும் போய் கிளாஸ் எடுக்கணுமா?

இல்லை. கிளாஸ் எடுப்பவர் டிரெய்னர். அந்தக் கிளாஸோ கம்ப்யூட்டரில் ஓடும் பாடமோ எப்படி இருக்கவேண்டும் என்று திட்டமிட்டு எழுதுபவர் டிசைனர். ஒரு ஊழியர் எந்த இடத்தில் தவறு செய்கிறார் என்று முதலில் பார்ப்போம். பிறகு அந்த வேலையை நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டு வாங்குவோம். அதைத் திரை திரையாகப் பிரித்து எழுதுவதற்கு ஸ்டோரிபோர்டு என்று பெயர். அதற்குப் பிறகுதான் மென்பொருளில் பாடமாகக் கட்டுவது வரும்.

மடலில் இந்த வேறுபாடு தெரியவேண்டும். "எனக்குக் கற்பிக்க மிகவும் பிடிக்கும்" என்று தொடங்கினால், படிப்பவர் உங்களை டிரெய்னர் வரிசையில் வைத்துவிடுவார். உங்களுக்குப் பிடித்தது வகுப்பில் நிற்பதுதான் என்றால் டிரெய்னர் வேலைக்கே எழுதுங்கள். அது நல்ல வேலைதான், ஆனால் வேறு வேலை.

ரெக்ரூட்டர்ங்கிறவர் யாரு? அவருக்கு நம்ம பாடம், பயிற்சி எல்லாம் புரியுமா?

பெரும்பாலும் புரியாது. அவர் நிறுவனத்தின் எச்.ஆர். பிரிவில் இருக்கலாம், இல்லை நிறுவனத்துக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சியில் இருக்கலாம். அவர் கையில் ஒரு வேலை விவரக் குறிப்பு இருக்கும். அதே நேரத்தில் ஒரு அக்கவுண்டண்ட், ஒரு டெஸ்டர், ஒரு சேல்ஸ் ஆள் என்று வேறு வேலைகளுக்கும் தேடிக்கொண்டிருப்பார். உங்களை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர் இல்லை. அந்த டீமின் மேனேஜர்தான்.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது இது ஒன்றுதான்: ரெக்ரூட்டர் அப்படியே எடுத்து மேனேஜருக்கு அனுப்பக்கூடிய மடலாக எழுதுங்கள். அவர் மேனேஜருக்கு எழுதும்போது "இவர் ஒரு டீச்சர், ஆனால் இதைச் செய்திருக்கிறார்" என்று ஒரு வரி சேர்க்கவேண்டும். அந்த வரியை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது. கொடுக்காவிட்டால், உங்கள் பயோடேட்டாவைத் திறந்து வகுப்பறை அனுபவத்தைக் கம்பெனி மொழிக்கு அவரே மாற்றவேண்டும். அதற்கு அவரிடம் நேரமும் இல்லை, விஷயமும் தெரியாது.

எவ்வளவு நீளம் எழுதலாம்? நான் முழுசா ஒரு பக்கம் எழுதி வெச்சிருக்கேன்.

போனில் திறந்தால் ஒருமுறை விரலால் தள்ளுவதற்குள் முடியவேண்டும். பத்துப் பன்னிரண்டு சின்ன வாக்கியம் போதும். லிங்க்ட்இன்னில் இணைப்பு வேண்டுகோளோடு சேர்த்து அனுப்பும் குறிப்புக்கு இடம் இன்னும் குறைவு. இலவசக் கணக்கில் 200 எழுத்துக்குள் முடிக்கவேண்டும். அதில் எந்த வேலைக்காக எழுதுகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, அவர் ஏற்றுக்கொண்ட பிறகு முழு மடலை அனுப்புங்கள்.

அந்த ஒரு பக்கத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நேர்முகத்தில் பேசுவதற்கு அதுதான் உங்கள் குறிப்பு.

"11 வருஷ ஆசிரியர் அனுபவம்"னு எழுதினா பத்தாதா? வேற என்ன எழுதணும்?

எனக்குத் தெரிந்த ஒரு யூ.பி. டீச்சரின் மடலையே காட்டுகிறேன். அவர் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். முதலில் அவர் அனுப்பியது இது:

> மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, நான் 11 ஆண்டுகளாக ஆசிரியையாகப் பணிபுரிந்து வருகிறேன். கற்பித்தலில் மிகுந்த ஆர்வமும் அர்ப்பணிப்பும் உள்ளவள். தங்கள் நிறுவனத்தில் என் தகுதிக்கேற்ற பணி ஏதேனும் இருப்பின் பரிசீலிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பயோடேட்டா இணைக்கப்பட்டுள்ளது.

எட்டுப் பேருக்கு அனுப்பினார். ஒருவரும் பதில் போடவில்லை. மடலில் தப்பு என்று எதுவும் இல்லை. ஆனால் எடுத்து அனுப்ப ஒரு வரி இல்லை. "தகுதிக்கேற்ற பணி ஏதேனும்" என்றால், எந்த வேலை என்று கண்டுபிடிக்கும் பொறுப்பும் ரெக்ரூட்டர் தலையில் விழுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். "போன வருஷம் பிள்ளைகளுக்கு வராமல் இருந்து நீங்கள் வரவைத்தது எது?" என்று கேட்டேன். உடனே பின்னக் கணக்கைச் சொன்னார். 1/2 + 1/3 என்று கொடுத்தால் ஏழாம் வகுப்பில் 34 பேரில் 19 பேர் 2/5 என்று எழுதியிருக்கிறார்கள். மேலே உள்ளதை மேலே கூட்டி, கீழே உள்ளதைக் கீழே கூட்டியிருக்கிறார்கள். அவர் விதியை மறுபடி சொல்லித்தரவில்லை. பேப்பர் பட்டையை மடித்து, பாதியை விட 2/5 சின்னது என்று முதலில் பிள்ளைகளையே பார்க்கவைத்தார். பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியை விடக் குறையுமா என்று கேட்டார். பிள்ளைகளே தங்கள் விடை தப்பு என்றார்கள். அதன் பிறகுதான் ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டுவதும் 5/6 வருவதும். ஆறு வகுப்புகள், நான்கு பயிற்சித்தாள்கள். மூன்று வாரம் கழித்து எண்களை மாற்றி அதே மாதிரிக் கணக்குகளை வைத்தபோது ஆறு பேர்தான் பழைய தவறைச் செய்தார்கள்.

பிரச்சினையைக் கண்டுபிடிப்பது, காரணத்தைப் பிரிப்பது, அதற்கேற்ற பாடத்தை வடிவமைத்துக் கட்டுவது, நடத்துவது, பலன் இருந்ததா என்று அளப்பது என்ற இந்த வரிசைக்கு எங்கள் தொழிலில் 'ஆடி' என்று ஒரு பெயர் இருக்கிறது. திரையில் ADDIE என்று பார்ப்பீர்கள். வேலை விவரக் குறிப்புகளில் அடிக்கடி வரும் சொல் அது. அந்த டீச்சர் அதன் பெயர் தெரியாமலேயே அதைச் செய்திருந்தார். பிறகு எழுதிய மடல் இது:

> வணக்கம். கோவையில் இன்ஸ்ட்ரக்ஷனல் டிசைனர் வேலைக்கு நீங்கள் போட்ட அறிவிப்பைப் பார்த்து எழுதுகிறேன். 11 ஆண்டுகள் கணக்கு ஆசிரியை. இப்போது பாட வடிவமைப்புக்கு மாறுகிறேன். சென்ற ஆண்டு என் வகுப்பில் 34 பேரில் 19 பேர் பின்னக் கூட்டலில் ஒரே தவறைச் செய்வதை விடைத்தாள்களில் கண்டேன். காரணத்தைக் கண்டறிந்து 6 வகுப்புகளுக்கான பாடத்தையும் பயிற்சித்தாள்களையும் வடிவமைத்தேன். 3 வாரம் கழித்து வைத்த தேர்வில் அந்தத் தவறு 6 பேரிடம் மட்டும் இருந்தது. சக ஆசிரியர்கள் 40 பேருக்கு ஒருநாள் பயிற்சியும் வடிவமைத்து நடத்தியிருக்கிறேன். பால் சேகரிப்பு நிலையப் பணியாளர்களுக்கு நான் உருவாக்கிய 5 நிமிட மாதிரிப் பாடமும் அதன் ஸ்டோரிபோர்டும் இந்த இணைப்பில் உள்ளன. ஏப்ரலில் சேர முடியும். கோவை அலுவலகத்துக்கு வர முடியும். பொருத்தமாக இருந்தால் மேனேஜருக்கு அனுப்ப முடியுமா? மாலை 4.30க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம்.

அனுப்புவது ஆங்கிலத்தில்தான். ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள் என்று சொல்வேன். நேராக ஆங்கிலத்தில் தொடங்கினால் நமக்கு விண்ணப்பக் கடித வாசகங்கள்தான் கைக்கு வருகின்றன. தமிழில் எழுதினால் நடந்தது வரும். அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

"மதிப்பிற்குரிய ஐயா"ன்னு போடாம "வணக்கம்"னு மட்டும் போட்டா மரியாதைக்குறைவா நினைக்க மாட்டாங்களா?

மாட்டார்கள். ஏ.இ.ஓ. ஆபீஸுக்கு எழுதும் மடலின் வாசம் இங்கே வரக்கூடாது. ஆங்கிலத்தில் ஒரு ஹாய், அவர் பெயர், அவ்வளவுதான். பெயரின் எழுத்தைச் சரியாகப் பாருங்கள், மரியாதை அதில் இருக்கிறது.

என்கிட்ட இந்த மாதிரி நம்பர் எதுவும் இல்லையே அக்கா. இல்லாததை எப்படி எழுதுறது?

இல்லாததை எழுதவே வேண்டாம். ஆனால் பெரும்பாலான டீச்சர்களிடம் நம்பர் இருக்கிறது, எண்ணிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். பழைய யூனிட் டெஸ்ட் தாள்களை எடுங்கள். மொத்த மார்க்கைப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு கேள்வியை எடுத்து, எத்தனை பேர் அதே மாதிரித் தப்பு செய்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இந்த வருஷம் அதற்கு ஏதாவது செய்து, மறுபடி எண்ணுங்கள். ஒரு மாதத்தில் உங்களுக்கென்று ஒரு நம்பர் கிடைத்துவிடும். தேறியவர்கள் கூடவில்லை என்றாலும் அது பயன்படும். ஏன் பலன் இல்லை, அடுத்து எதை மாற்றினீர்கள் என்பதும் வடிவமைப்பு வேலைதான்.

நூறு சதவீதத் தேர்ச்சி என்பதை மட்டும் எழுதாதீர்கள். கேரளாவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 2023-இல் 99.70 சதவீதம், 2024-இல் 99.69. மாநிலமே அப்படித் தேறும்போது, உங்கள் வகுப்பும் தேறியது என்பது உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இன்னொன்று. 19 ஆறாகக் குறைந்தது என்று எழுதினால், நேர்முகத்தில் "உங்கள் பாடத்தால்தான் குறைந்தது என்று எப்படித் தெரியும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். அந்த டீச்சரிடமும் கேட்டார்கள். "பக்கத்து டிவிஷனோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. அதே பிள்ளைகள், அதே மாதிரிக் கணக்கு, அந்த மூன்று வாரத்தில் வேறு யாரும் பின்னம் நடத்தவில்லை. இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்" என்றார். அளவின் எல்லை தெரிந்தவர் என்று அது அவருக்கு நல்லதாகவே முடிந்தது.

கிளஸ்டர்ல ஆர்.பி.யா இருந்திருக்கேன். அது ஸ்கூல் விஷயம்தானே, எழுதலாமா?

கட்டாயம் எழுதுங்கள். நம் பக்கத்து டீச்சர்கள் விட்டுவிடுகிற பெரிய விஷயம் இதுதான். பெரியவர்களுக்குப் பயிற்சி கொடுத்த அனுபவம் இல்லை என்பதுதான் டீச்சர்கள் மேல் மேனேஜர்களுக்கு இருக்கும் முதல் சந்தேகம். பி.ஆர்.சி.யில் கிளஸ்டர் பயிற்சிக்கு ரிசோர்ஸ் பெர்சனாக நின்றவர்கள், டி.ஆர்.ஜி.யில் போய் மாடியூல் தயாரிப்பில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் அதைச் செய்தவர்கள்தான். வேலையில் இருக்கும் பெரியவர்கள், பாதிப் பேருக்கு வர விருப்பமில்லை, ஒரே நாளில் முடிக்கவேண்டும். கார்ப்பரேட் பயிற்சியும் ஏறக்குறைய இதே நிலைமைதான்.

ஆனால் "ஆர்.பி.", "டி.ஆர்.ஜி.", "பி.ஆர்.சி." என்று சுருக்கமாக எழுதினால் கோவையில் ஒருவருக்கும் புரியாது. "சக ஆசிரியர்கள் 40 பேருக்கு ஒருநாள் பயிற்சி வடிவமைத்து நடத்தினேன்" என்று விரித்து எழுதுங்கள். மேலிருந்து வந்த மாடியூலை அப்படியே நடத்தினீர்கள் என்றால் "நடத்தினேன்" என்று மட்டும் போடுங்கள். நீங்களும் சேர்ந்து தயாரித்ததாக இருந்தால் மட்டும் "வடிவமைத்து" என்ற சொல்லைச் சேருங்கள். அந்த ஒரு சொல்லைப் பற்றி நேர்முகத்தில் பத்து நிமிஷம் பேசவேண்டியிருக்கும்.

டீச்சிங் மேனுவல் எழுதுறதும் ஸ்டோரிபோர்டு எழுதுறதும் ஒண்ணுதானே? அப்படியே பேரை மாத்திப் போட்டுடலாமா?

போடாதீர்கள். ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரித் தெரியும், ஆனால் ஒன்றில்லை. டீச்சிங் மேனுவலில் "கலந்துரையாடல் மூலம் கருத்தை உறுதிப்படுத்துதல்" என்று ஒரு வரி எழுதினால் போதும். மீதியை வகுப்பில் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். ஸ்டோரிபோர்டில் அந்த அறையில் நீங்கள் இல்லை. திரையில் என்ன எழுத்து, குரலில் என்ன பேச்சு, என்ன படம், எதை அழுத்தினால் என்ன நடக்கும், தப்பான விடையை அழுத்தினால் என்ன சொல்வது என்று ஒவ்வொன்றையும் எழுதவேண்டும். அதை வைத்துக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் பாடத்தைக் கட்டி முடிக்க முடியவேண்டும்.

இது உங்களுக்கு வருகிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்கள் மேனுவல் ஒன்றை எடுத்து, அதில் ஒரு "கலந்துரையாடல்" வரியை மட்டும் ஸ்டோரிபோர்டாக விரித்துப் பாருங்கள். எனக்கு முதல்முறை ஒரு வரி நான்கு திரையாக விரிந்தது. பிள்ளைகள் என்னென்ன தப்பாகச் சொல்வார்கள் என்று தெரிந்ததால்தான் என்னால் விரிக்க முடிந்தது. தப்பான விடைக்கு என்ன பதில் சொல்வது என்பதில் டீச்சர்களுக்கு இருக்கும் கைப்பழக்கம் மற்றவர்களுக்குச் சுலபமாக வராது. மாதிரிப் பாடத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியட்டும்.

ஸ்டோரிலைன் எல்லாம் தெரியாது. கத்துக்கிட்ட பிறகுதான் ரெக்ரூட்டருக்கு எழுதணுமா?

காத்திருக்கவேண்டாம், ஆனால் ஒரு டூலாவது தொட்டிருக்கவேண்டும். ஸ்டோரிலைன் என்பது பாடம் கட்டும் ஒரு மென்பொருள். அதைத் தயாரிக்கும் ஆர்ட்டிகுலேட் நிறுவனம் தன் மென்பொருள் தொகுப்பை 30 நாள் இலவசமாகப் பயன்படுத்தத் தருகிறது. அதில் ஸ்டோரிலைன், ரைஸ் இரண்டும் உண்டு. ஸ்டோரிபோர்டைக் காகிதத்தில் எழுதி முடித்த பிறகு அந்த 30 நாளைத் தொடங்குங்கள். முன்னாலேயே தொடங்கிவிட்டு, என்ன செய்வது என்று யோசிப்பதிலேயே நாள் போய்விட்டதாகப் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

நம் பள்ளிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. கைட் கொடுத்த பள்ளி லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். ஸ்டோரிலைன் விண்டோஸில்தான் ஓடும். பள்ளி லேப்டாப்பில் அதைப் போட முயன்று ஒரு வாரம் வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். ரைஸ் பிரவுசரிலேயே ஓடும், அதனால் லினக்ஸிலும் செய்யலாம். பள்ளிப் பொருளில் சொந்த வேலை பார்ப்பது சரியா என்பது வேறு கேள்வி. என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன்.

மடலில் "ஸ்டோரிலைன் நிபுணர்" என்று எழுதவேண்டாம். "ரைஸில் ஒரு பாடம் கட்டியிருக்கிறேன், ஸ்டோரிலைன் கற்றுக்கொண்டிருக்கிறேன்" என்பது உண்மையும்கூட, புதிதாக வருகிறவருக்குப் போதுமானதும்கூட.

மாதிரிக்கு என்ன பாடம் செய்யலாம்? ஏழாம் வகுப்புப் பாடத்தையே வெச்சுடலாமா?

வேலை செய்யும் பெரியவர்களுக்கான பாடமாக ஒன்று செய்யுங்கள். ஒன்றே போதும். அந்த டீச்சர் பால் சேகரிப்பு நிலையத்தை எடுத்ததற்குக் காரணம், அவர் தெருமுனையிலேயே ஒரு பால் சொசைட்டி இருந்தது, அவர் வீட்டுக்காரர் அங்கே பால் ஊற்றுகிறவர். புதிதாக வந்த பையன் கேனைக் கலக்காமல் மேலாக்க மாதிரி எடுத்துவிட்டான். மேலே மிதக்கும் கொழுப்பு மாதிரியில் வந்து, அளவு கூடக் காட்டியது. இன்னொரு நாள் அடியிலிருந்து எடுத்தான், குறையக் காட்டியது. அன்று ஒரே சண்டை.

அவர் செய்த பாடம் இப்படித் தொடங்கும்: காலை மணி ஆறரை, வரிசையில் பன்னிரண்டு பேர், கேன் வந்து இறங்குகிறது, மாதிரி எடுக்கும் கரண்டி உங்கள் கையில். இப்போது என்ன செய்வீர்கள்? மூன்று வழிகள் திரையில் இருக்கும். "நேரமில்லை, அப்படியே எடுப்பேன்" என்பதை அழுத்தினால் "தவறு" என்று வராது. அந்த ரீடிங்கைப் பார்த்துக் கோபத்தோடு பேசும் விவசாயி வருவார். தப்பின் விளைவைக் காட்டிவிட்டு, பிறகுதான் கலக்கும் முறை. மொத்தம் ஐந்து நிமிஷம். கொழுப்பு என்றால் என்ன, பாலின் வரலாறு என்ன என்று ஒரு திரைகூடக் கிடையாது. பள்ளிப் பழக்கத்தில் நாம் முன்னுரையிலிருந்து தொடங்குவோம். அவரும் முதலில் அப்படித்தான் ஆறு திரை எழுதி, பிறகு எடுத்தார்.

பள்ளிப் பாடத்தைத்தான் வைக்கவேண்டும் என்றால், பாடப்புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து போடாதீர்கள், அது எஸ்.சி.இ.ஆர்.டி.யின் உரிமை. பிள்ளைகளின் முகமோ பெயரோ எங்கேயும் வரக்கூடாது. இணைப்பை அனுப்பும் முன், கூகுள் டிரைவாக இருந்தால், பகிர்வில் "Anyone with the link" என்று மாற்றிவிட்டு, உங்கள் கணக்கில் இல்லாத வேறொரு போனில் திறந்து பாருங்கள். அனுமதி கேட்டு நிற்கும் இணைப்பை ரெக்ரூட்டர் இரண்டாவது முறை திறக்கமாட்டார்.

நாங்க தமிழ் மீடியம், அதுவும் கேரளாவில. அதைச் சொன்னா இங்கிலீஷ் வராதுன்னு நினைப்பாங்களோ?

மறைக்கவேண்டாம், ஒரே வரியில் சொல்லுங்கள்: தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத முடியும் என்று. ஒரே பாடத்தைப் பல மொழிகளில் கொடுக்கும் நிறுவனங்களுக்கு, மொழிபெயர்ப்பைப் பாடம் தெரிந்த கண்ணோடு சரிபார்க்க ஆள் தேவைப்படுகிறது. மூன்றிலும் எழுத வந்தால் மட்டும் அப்படிச் சொல்லுங்கள். மலையாளம் பேச மட்டும் வரும் என்றால் பேச வரும் என்றே போடுங்கள்.

ஆங்கிலத்தில் எப்படி எழுதுவீர்கள் என்பதற்கு அந்த மடலே சாட்சி. ஸ்டோரிபோர்டுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. நீளமான வாக்கியங்களை வெட்டுங்கள். இங்கிலீஷ் டீச்சர் ஒருவரிடம் ஒருமுறை காட்டுங்கள். நானும் அப்படித்தான் செய்தேன்.

எய்டட் ஸ்கூல்ல இருக்கேன் டீச்சர். மேனேஜ்மெண்டுக்குத் தெரிஞ்சா பிரச்சினை ஆகும். எப்படி எழுதுறது? எப்ப சேருவேன்னு சொல்றது?

லிங்க்ட்இன்னில் "Open to work" போடும்போது இரண்டு வழி இருக்கும். எல்லோருக்கும் தெரியும்படி வைத்தால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வளையம் வராது. அதிலும் முழு ரகசியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே சொல்கிறார்கள். தனியாக அனுப்பும் மடலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. பள்ளி மின்னஞ்சலிலிருந்து மட்டும் அனுப்பாதீர்கள்.

சேரும் நாளைப் பொறுத்தவரை, "உடனே" என்று எழுதிவிட்டுப் பிறகு ரிலீவ் ஆக முடியாமல் தவிப்பதுதான் நான் அதிகம் பார்த்த விபத்து. அரசு, எய்டட் பள்ளிகளில் ராஜினாமாக் கடிதம் கொடுத்தவுடன் வேலை முடிந்துவிடாது. அது ஏற்கப்படவேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று ஆபீஸில் கேட்டுத் தெரிந்துகொண்டு மடலில் ஒரு மாதத்தைக் குறிப்பிடுங்கள். மார்ச் தேர்வு முடிந்து ஏப்ரல் என்பது பிள்ளைகளுக்கும் நல்லது, நிறுவனத்துக்கும் புரியும். நிரந்தர வேலையில் இருப்பவர்கள், பென்ஷன், சர்வீஸ் விஷயத்தை விசாரித்து முடித்த பிறகே ரெக்ரூட்டருக்கு எழுதுங்கள்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறேன்னு மடல்லயே சொல்லிடலாமா?

முதல் மடலில் வேண்டாம். அடுத்து போனில் கேட்பார்கள். "இப்போது சி.டி.சி. எவ்வளவு?" என்பார்கள். அது வருஷக் கணக்கு, கைக்கு வரும் மாதச் சம்பளம் இல்லை. நிறுவனம் உங்களுக்காகக் கட்டும் பி.எஃப். போன்றவையும் அதில் சேரும். பிடித்தம் போகும் முன் உள்ள மாதச் சம்பளத்தைப் பன்னிரண்டால் பெருக்கி முன்னாலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைக்கு வரும் தொகையைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்தினால் நம்பிக்கை போய்விடும்.

பத்து நாள் ஆச்சு, பதிலே இல்லை. மறுபடி எழுதினா தொல்லையா நினைப்பாங்களா?

ஒருமுறை எழுதலாம். "என் மடலைப் பார்த்தீர்களா?" என்று கேட்பதற்காக எழுதாதீர்கள். புதிதாக ஒன்று கையில் இருக்கும்போது எழுதுங்கள். "மாதிரிப் பாடத்தைப் பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் மூன்று பேரிடம் காட்டினேன். இருவருக்கு இரண்டாவது கேள்வி புரியவில்லை. மாற்றியிருக்கிறேன், இணைப்பு இதோ" என்று அந்த டீச்சர் எழுதினார். நான்கு வரி. அதற்குத்தான் பதில் வந்தது. பாடத்தை ஆட்களிடம் காட்டித் திருத்துவது எங்கள் அன்றாட வேலை. அதை அவர் செய்கிறார் என்று அந்த நான்கு வரியிலேயே தெரிந்துவிட்டது.

அதற்கும் பதில் இல்லை என்றால் அந்த ரெக்ரூட்டரை விடுங்கள். வேலை நிரம்பியிருக்கலாம், நிறுத்தி வைத்திருக்கலாம். வேறு வேலை வரும்போது புதிதாக எழுதலாம்.

"கார்ப்பரேட் அனுபவம் இருக்கிறவங்கதான் வேணும்"னு பதில் வந்துடுச்சு. இதுக்கு என்ன எழுதுறது?

வாதாட வேண்டாம். டீச்சர் வேலையும் கார்ப்பரேட் வேலைக்குச் சமம்தான் என்று விளக்கம் எழுதினால் அவர் படிக்கமாட்டார். அவர் சொன்னது மேனேஜரின் நிபந்தனை, அவரால் மாற்ற முடியாது. நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான்:

> பதில் சொன்னதற்கு நன்றி. உங்கள் டீமில் ஸ்டோரிபோர்டு எழுதும் குறுகிய கால ஒப்பந்த வேலை வந்தால் சொல்லுங்கள். ஒரு சோதனை ஸ்டோரிபோர்டு எழுதித் தரவும் தயார். எந்த அனுபவம் குறைகிறது என்று ஒரு வரி சொன்னால் உதவியாக இருக்கும்.

சோதனை வேலை என்றால் சில திரைகள், அரை நாள் வேலை. முழுப் பாடத்தையே இலவசமாகச் செய்து தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வேலைக்கு முன் பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால் அவர் ரெக்ரூட்டரே இல்லை. அந்த நம்பரைப் பிளாக் செய்யுங்கள்.

"எந்த அனுபவம் குறைகிறது" என்ற கேள்விக்குச் சில சமயம் உண்மையான பதில் வரும். எனக்கு ஒருமுறை வந்தது: "பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள் என்று காட்டியிருக்கிறீர்கள், வேலையில் எதுவும் மாறியதா என்று காட்டவில்லை." கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகள் என்று எங்கள் தொழிலில் ஒரு அளவுகோல் உண்டு: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, வேலையில் அதைச் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. பள்ளியில் நாம் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம். அதன் பிறகு, கிளஸ்டருக்கு வந்த டீச்சர்களில் ஐந்து பேரை ஒரு மாதம் கழித்து போனில் கூப்பிட்டு, "அன்று செய்ததை வகுப்பில் செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டேன். மூன்று பேர் செய்திருந்தார்கள். என் அடுத்த மடலில் அந்த வரியைத்தான் எழுதினேன்.

கிளாஸ்ல இருக்கும்போது ரெக்ரூட்டர் கூப்பிட்டா என்ன பண்றது?

எடுக்காதீர்கள். அதற்காகத்தான் மடலில் "4.30க்குப் பிறகு" என்ற வரி. இன்டர்வெல்லில் "வகுப்பில் இருந்தேன், 4.30க்கு நானே அழைக்கட்டுமா?" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். ஸ்டாஃப் ரூமிலிருந்து பேசவேண்டாம், பஸ்ஸிலிருந்தும் வேண்டாம். அந்த டீச்சர் பள்ளிக்கு எதிரே இருந்த கோயில் ஆலமரத்தடியில், மடலின் பிரிண்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். ரெக்ரூட்டர் கேட்ட முதல் கேள்வி, "அந்த 19 பேர் ஏன் அந்தத் தப்பைச் செய்தார்கள்?"